மேடைப் பேச்சில் ‘பீஸ் ஆஃப் கேக்’, ‘பிரேக் தி ஐஸ்’: மாற்றாக என்ன சொல்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘பீஸ் ஆஃப் கேக்’ என்பதைத் தமிழ் மேடையில் எப்படிச் சொல்வது? ‘கேக் சாப்பிடுவது போல’ என்றால் போதாதா?

பொருள் புரியும், ஆனால் கொடைக்கானல் போன்ற ஊரில், தெருவுக்கு ஒரு பேக்கரி இருக்கும் இடத்தில், ‘கேக்’ என்று சொன்னதும் கேட்பவருடைய மனம் பிறந்தநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும்தான் போகும். எளிமை என்ற கருத்து இரண்டாவதாகத்தான் வந்து சேரும். மேடையில் அந்த இடைவெளி பெரிது, ஏனெனில் கேட்பவர் திரும்பிப் படிக்க முடியாது.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது ‘இது ஒன்றும் கம்ப சூத்திரம் அல்ல’ என்ற தொடர். விடுவிக்க முடியாத புதிர் என்று நினைத்து மலைக்காதீர்கள் என்பது இதன் பொருள். ‘இது என்ன பிரம்ம வித்தையா?’ என்பதும் இதே வேலையைச் செய்யும். சற்றுக் கேலி கலந்திருப்பதால் வயதில் இளையவர்கள் நிறைந்த அவைக்கு அது பொருந்தும். இவ்விரண்டும் ‘எளிது’ என்று சொல்வதில்லை, ‘கடினம் அன்று’ என்று சொல்கின்றன என்பதைக் கவனியுங்கள். ஆங்கிலத் தொடர் நேராகப் புகழ்ந்து பேசுகிறது. தமிழில் மேடைக்கு எதிர்மறையாகச் சொல்லும் வழிதான் அதிகம் பொருந்துகிறது. ஏன் என்பதை மூன்றாவது கேள்வியில் விளக்குகிறேன்.

எங்கள் வீட்டில் ‘அல்வா சாப்பிடுகிற மாதிரி’ என்போம். அதையே பேசலாமா?

நண்பர்கள் கூடிய பிரிவு உபசார விழாவில் பேசலாம். ஆனால் அல்வாவுக்கு இன்னொரு முகம் உண்டு: ‘அல்வா சாப்பிடுவது’ எளிமை, ‘அல்வா கொடுப்பது’ ஏமாற்று. பேச்சின் வேகத்தில் வினைச்சொல் மாறிவிட்டால் பொருள் தலைகீழாகிவிடும். கூட்டுறவுச் சங்கத் தேர்தல் கூட்டத்தில் ஒருவர், ‘இந்தக் கடனைப் பெறுவது உங்களுக்கு அல்வா மாதிரி’ என்று பேசியதைக் கேட்டிருக்கிறேன். வினையே இல்லாமல் விட்டதால் பின்வரிசையில் இருந்தவர்கள் தாங்களே ஒரு வினையைச் சேர்த்துக்கொண்டு சிரித்தார்கள்.

வாழைப்பழத்திலும் இதே சிக்கல் உண்டு. ‘உரித்த வாழைப்பழம் போல’ என்பது எளிதாகக் கிடைத்ததைக் குறிக்கும். மலைவாழை விளையும் பழனி மலைச் சரிவுகளில் இது இயல்பாகவே காதில் விழும். ஆனால் ‘வாழைப்பழத்தில் ஊசி ஏற்றினாற்போல’ என்றால், வலி தெரியாமல் குத்திப் பேசுவதாகும். எளிமையைச் சொல்ல நினைத்து ஊசியைத் தொட்டுவிடாதீர்கள்.

வேறு சில தொடர்கள் எளிமையைச் சொன்னாலும், வேலையைப் பற்றி அல்ல, செய்பவரைப் பற்றியே சொல்கின்றன. ‘கைவந்த கலை’, ‘தண்ணீர் பட்ட பாடு’, ‘மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுத்தர வேண்டுமா’ ஆகியவற்றை இந்த வகையில் வைக்கலாம். ஓய்வு பெறும் ஒருவரைப் பாராட்டும் உரைக்கு இவை மிகவும் ஏற்றவை: ‘கணக்கு வழக்கு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு’ என்றால், வேலை எளிது என்று குறைத்துச் சொன்னதாகாது, அவருடைய தேர்ச்சியைச் சொன்னதாகும். தன்னைப் பற்றி மேடையில் தானே இப்படிச் சொல்லிக்கொள்வது மட்டும் நன்றாக இராது. ‘சுண்டைக்காய்’, ‘ஜுஜுபி’ இரண்டையும் மேடையில் விட்டுவிடுங்கள். அவற்றில் எளிமையைவிட அலட்சியம்தான் கூடுதலாக ஒலிக்கிறது.

‘இது மிகவும் எளிது’ என்று சொன்னதும் கேட்பவர்களுடைய முகம் மாறுகிறது. நான் ஊக்கப்படுத்தத்தானே சொல்கிறேன்?

எளிது என்ற சொல் யாருக்கு எளிது என்ற கேள்வியைத் தன்னோடு இழுத்துவரும். பேசுபவருக்கு எளிதாக இருப்பது கேட்பவருக்குக் கடினமாக இருந்தால், ‘எளிது’ என்பது ‘உனக்கு இதுகூடத் தெரியவில்லையா’ என்றுதான் போய்ச் சேரும். கேட்பவர் ஏற்கெனவே முயன்று தோற்றவராக இருந்தால் காயம் இன்னும் ஆழமாகும். ‘சொல்லுதல் யார்க்கும் எளிய அரியவாம் சொல்லிய வண்ணம் செயல்’ என்ற 664ஆம் குறளை அவையில் யாராவது ஒருவர் மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருப்பார் என்று எண்ணிக்கொண்டே பேசுவது நல்லது.

இதற்கு வழி, முழு வேலையையும் எளிது என்று சொல்லாமல், அதில் எந்தப் படி எளிது, எந்தப் படியில் கவனம் வேண்டும் என்று பிரித்துச் சொல்வதுதான். ‘நான்கு படிகளில் மூன்று நீங்கள் தினமும் செய்பவை, நான்காவதற்குத்தான் இன்று வந்திருக்கிறோம்’ என்று சொன்னால் எந்த மரபுத்தொடரும் தேவைப்படாது; மலைப்பும் குறைந்துவிடும். மரபுத்தொடர் வேண்டுமென்றால் அதை இந்த வாக்கியத்துக்குப் பிறகு வையுங்கள், முன்னால் வைக்க வேண்டாம்.

‘பிரேக் தி ஐஸ்’ என்பதைப் ‘பனிக்கட்டியை உடைப்போம்’ என்று சொல்வது தவறா?

இலக்கணப்படி தவறில்லை, பயன்பாட்டில் தவறு. நானே இதில் ஒருமுறை சிக்கியிருக்கிறேன். மேல்மலைக் கிராமம் ஒன்றில் நடந்த விழாவில், வெளிநாட்டு விருந்தினர் ஒருவருடைய ஆங்கில உரையை வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொல்லும் பொறுப்பு எனக்கு. அவர் தொடங்கியதும், ‘முதலில் பனியை உடைத்துவிடுகிறேன்’ என்று நான் மொழிபெயர்த்தேன். அது ஜனவரி மாதம்; அதற்கு முந்தைய வாரம்தான் உறைபனியில் உருளைக்கிழங்குச் செடிகள் கருகிப் போயிருந்தன. விழா முடிந்து காப்பி குடிக்கும்போது ஒரு பெரியவர் என்னிடம் வந்து, ‘தம்பி, அந்தப் பனிக்கு அவர் என்ன வழி சொன்னார்? எனக்குச் சரியாகக் கேட்கவில்லை’ என்று கேட்டார். உரை முழுவதும் அவர் அதற்காகக் காத்திருந்திருக்கிறார்.

நம் மலையில் பனி உடையாது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடியற்காலையில் புல்வெளியில் வெள்ளையாகப் படிந்திருக்கும் உறைபனி, வெயில் ஏறியதும் உருகிப் போகிறது. தமிழிலும் துன்பம் நீங்குவதைச் ‘சூரியனைக் கண்ட பனி போல’ என்றுதான் சொல்கிறோம். அதில் உடைக்கும் வேலையே இல்லை. ஆகவே பனியை விட்டுவிட மனமில்லாதவர்கள் ‘பனி விலகட்டும்’ என்று சொல்லலாம். அது மூடுபனியையும் நினைவூட்டும், கேட்பவருக்கும் பழகிய காட்சி. ‘ஐஸ்’ என்ற சொல்லை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பேச்சுத் தமிழில் ‘ஐஸ் வைப்பது’ என்றால் முகத்துதி செய்வது என்று பொருள். தலைமை விருந்தினர் பக்கத்தில் அமர்ந்திருக்கும்போது நீங்கள் ஐஸைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அவை எந்தப் பக்கம் சிரிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

படிமம் இல்லாத சொல்லைத் தேடுவதானால், எந்த வகை அமைதியைக் கலைக்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டும். ஆங்கிலத்தில் ஒரே தொடர் பல நிலைமைகளுக்குப் பயன்படுகிறது. தமிழில் அவை வெவ்வேறு சொற்கள். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் கூடியிருந்தால் ‘அறிமுகம் ஆகிவிடுவோம்’ அல்லது ‘கூச்சத்தை விட்டுக் கலந்து பேசுவோம்’ எனலாம். எல்லோரும் தெரிந்தவர்கள்தான், ஆனால் முதலில் பேச யாரும் முன்வரவில்லை என்றால், ‘பிள்ளையார் சுழியை நான் போடுகிறேன்’ என்பது சரியாக இருக்கும். பேசப்போகும் செய்தி சங்கடமானதாக இருந்தால் ‘பூனைக்கு மணி கட்டுவது’ என்ற தொடர் கிடைக்கிறது; ஆனால் பூனை யார் என்று அவை தேடத் தொடங்கிவிடும் என்பதால், அந்த இடத்தில் ‘மனம் விட்டுப் பேசுவோம்’ என்பதையே நான் விரும்புவேன். இரு தரப்பும் முறைத்துக்கொண்டிருந்த கூட்டம் என்றால் ‘இறுக்கம் தளரட்டும்’ என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாதீர்கள். நாளிதழ்த் தமிழில் இதைப் ‘பனிப்போர் முடிந்தது’ என்பார்கள். அவர்கள் முகத்துக்கு நேரே மேடையில் சொன்னால் போர் மீண்டும் தொடங்கும்.

ஆங்கிலேயர்கள் கேக்கையும் பனியையும் ஏன் எடுத்துக்கொண்டார்கள்?

குளிர்காலத்தில் ஆறுகளும் துறைமுகங்களும் உறைந்துபோகும் நாடுகளில், முதலில் செல்லும் படகு பனியைப் பிளந்து வழி செய்தால்தான் மற்றவை பின்தொடர முடியும். 16ஆம் நூற்றாண்டில் எராஸ்மஸ் தொகுத்த பழமொழி நூலில் இது இலத்தீனில் இடம்பெற்றிருக்கிறது. அங்கே அதன் பொருள், ஒரு வேலைக்கு முதலில் வழிதிறப்பது என்பதே. அந்நியர்களுக்கு இடையேயுள்ள கூச்சத்தைப் போக்குவது என்ற பொருள் பின்னால் வந்தது. ஆகவே ‘பிள்ளையார் சுழி போடுவது’ அதன் பழைய பொருளுக்கு எதிர்பாராத அளவு நெருக்கமானது. ‘பீஸ் ஆஃப் கேக்’ அவ்வளவு பழையது அன்று. 1930களில் அச்சில் தென்பட்டு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப் படையினரின் பேச்சு வழியாகப் பரவியது. ஆபத்தான வேலையை அலட்சியமாகச் சொல்லும் படைவீரர் தொனி அதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தத் தொனி நம் மேடைக்கு அரிதாகவே வேண்டியிருக்கும்.

பூம்பாறையில் பூண்டு விவசாயிகளுக்கு மண் மாதிரி எடுப்பதைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும். என் தொடக்கம் இது: ‘அனைவருக்கும் வணக்கம். முதலில் பனிக்கட்டியை உடைப்போம். பக்கத்தில் இருப்பவரிடம் உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். இன்று நாம் கற்கப்போவது ஒரு துண்டு கேக் போல எளிது.’ திருத்தித் தர முடியுமா?

நீங்கள் அதே ஊர்ப் பெண் என்று எழுதியிருந்தீர்கள். திருத்தம் அங்கிருந்தே தொடங்குகிறது. பூம்பாறையில் அடுத்த வயல்காரரிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொன்னால், நாற்பது ஆண்டுகளாக ஒரே வாய்க்காலைப் பகிர்ந்துகொண்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். அந்த அவையில் அந்நியம் இல்லை. அங்கே இருக்கும் இறுக்கம் வேறு: சிறுவயதிலிருந்து தாங்கள் பார்த்த பெண், தங்கள் மண்ணைப் பற்றித் தங்களுக்கே சொல்லப் போகிறாள் என்பது. அதை ‘அறிமுகம்’ தீர்க்காது. அவர்களுக்குத் தெரிந்ததை நீங்கள் முதலில் ஏற்றுக்கொள்வதுதான் தீர்க்கும்.

எனவே தொடக்கத்தைக் கேள்வியாக மாற்றுவோம். அந்தக் கேள்விக்கு மூன்று தகுதிகள் வேண்டும்: எல்லோரிடமும் அதற்குப் பதில் இருக்க வேண்டும், எந்தப் பதிலும் தவறாகக் கூடாது, பதில் உங்களைப் பேச்சின் பொருளுக்கே கொண்டுசேர்க்க வேண்டும். ‘2018இல் குறிஞ்சி பூத்தபோது எங்கே இருந்தீர்கள்?’ என்ற கேள்வி இந்த மலையில் முதல் இரண்டு தகுதிகளையும் அழகாக நிறைவேற்றும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது என்பதால் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் மண் மாதிரிக்கு அதிலிருந்து பாதை இல்லை; வேறோர் உரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நான் பரிந்துரைப்பது: ‘உங்கள் வயலில் எந்தப் படியில் பூண்டு நன்றாகப் பருக்கிறது, எந்தப் படியில் சிறுத்துப் போகிறது?’ படிக்கட்டு வயல் வைத்திருக்கும் எவருக்கும் இதற்கு உடனே பதில் உண்டு. ஒரே வயலில் மண் மாறுகிறது என்பதை நீங்கள் சொல்லாமலே அவர்கள் சொல்லிவிடுவார்கள். ஒரே இடத்தில் மண் அள்ளினால் ஏன் போதாது என்பதற்கு அதைவிட நல்ல முன்னுரை இல்லை.

அடுத்து எளிமை. மண் மாதிரி எடுப்பதில் எது எளிது, எது அன்று என்று பிரித்துப் பாருங்கள். மேலே கிடக்கும் இலைதழைகளை அகற்றிவிட்டு, சுமார் 15 செ.மீ. ஆழத்துக்கு ‘வி’ வடிவில் குழி வெட்டி, அதன் பக்கத்திலிருந்து மேலிருந்து கீழாக ஒரு சீவல் மண் எடுப்பது, மண்வெட்டி பிடித்த எந்தக் கைக்கும் பழகிய வேலை. வயலில் 10 முதல் 15 இடங்களில் அப்படி எடுத்துக் கலப்பதும், அந்தக் குவியலை நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பகுதிகளை நீக்கி, அரைக் கிலோ ஆகும் வரை குறைப்பதும் பார்த்தால் வந்துவிடும். தவறு நடப்பது இடத்தைத் தேர்ந்தெடுப்பதில். வரப்பு ஓரம், எருக்குவியல் இருந்த இடம், மர நிழல், அண்மையில் உரம் போட்ட பாத்தி ஆகியவற்றில் எடுத்த மண், வயலைப் பற்றிப் பொய் சொல்லும். பெரும்பாலோர் நடக்க வசதியான வரப்பு ஓரத்தில்தான் முதல் குழியை வெட்டுவார்கள்.

இவ்வளவையும் சேர்த்தால் தொடக்கம் இப்படி வரும்:

‘பெரியவர்கள் அனைவருக்கும் வணக்கம். ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். உங்கள் வயலில் எந்தப் படியில் பூண்டு நன்றாகப் பருக்கிறது, எந்தப் படியில் சிறுத்துப் போகிறது? (இங்கே நிறுத்துங்கள், இரண்டு மூன்று பதில்கள் வரட்டும்.) நீங்கள் இப்போது சொன்னதைத்தான் மண் பரிசோதனை எண்களில் சொல்லப் போகிறது. மாதிரி எடுப்பது கம்ப சூத்திரம் அல்ல. வெட்டுவது, கலப்பது, பிரிப்பது மூன்றும் உங்கள் கைக்குப் பழகியவை. எங்கே வெட்டக் கூடாது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். அதை முதலில் பார்த்துவிடுவோம்.’

பழைய தொடக்கத்தைவிட இது நீளம்தான். ஆனால் அதில் இருந்த நான்கு வாக்கியங்களில் ஒன்றுகூட மண்ணைப் பற்றிப் பேசவில்லை. இதில் கேள்வியிலிருந்தே பொருள் தொடங்கிவிடுகிறது. பதில்களுக்கான நேரத்தையும் சேர்த்து ஒன்றரை நிமிடத்தைத் தாண்ட விடாதீர்கள். பத்து நிமிட உரையில் அதற்கு மேல் போனால் தொடக்கமே உரையாகிவிடும்.

கேள்வி கேட்டு, யாரும் வாய் திறக்கவில்லை என்றால்?

முதலில், அது உண்மையான அமைதிதானா என்று பாருங்கள். கேள்வியைக் கேட்ட உடனேயே பதற்றத்தில் நாமே அடுத்த வாக்கியத்துக்குத் தாவிவிடுகிறோம். மனத்துக்குள் நிதானமாக ஐந்து வரை எண்ணினால் பெரும்பாலும் மூன்றாம் எண்ணுக்குள் யாராவது அசைவார்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால் பதில் வரப்போகிறது என்று பொருள். எல்லோரும் தரையைப் பார்த்தால் வராது.

வராமல் போவதைத் தடுக்கும் வேலை மேடையில் அன்று, அதற்கு முன்பே நடக்க வேண்டும். கூட்டம் தொடங்கும் முன் சுக்குக் காப்பி குடிக்கும் இடத்தில் இரண்டு பேரிடம் அதே கேள்வியைக் கேட்டுவிடுங்கள். ‘மாமா, இதை மேடையில் கேட்பேன், நீங்கள் சொன்னதைச் சொல்லலாமா?’ என்று அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பெண்கள் தனி வரிசையில் அமரும் கூட்டங்களில் இவ்விருவரில் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்கட்டும். ஆண்கள் பக்கத்திலிருந்து முதல் குரல் வந்துவிட்டால் மறுபக்கம் கடைசி வரை பேசாமல் இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அமைதி நீடித்தால் அவர்களில் ஒருவரைப் பெயர் சொல்லி அழையுங்கள். முன்கூட்டிச் சொல்லி வைக்காத எவரையும் பெயர் சொல்லி எழுப்பாதீர்கள். அது இறுக்கத்தை இரட்டிப்பாக்கும்.

ஆங்கிலத்திலேயே பேச வேண்டிய இடங்களில் இந்தத் தொடர்களைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம். ‘பீஸ் ஆஃப் கேக்’ பேச்சு வழக்குத் தொனி உடையது என்பதால், பட்டமளிப்பு விழாவிலோ அலுவல் அறிக்கை வாசிக்கும்போதோ ‘ஸ்ட்ரெய்ட்ஃபார்வர்ட்’ என்ற ஒற்றைச் சொல்லே போதும். ‘நாட் ராக்கெட் சயின்ஸ்’ என்பது நம் கம்ப சூத்திரத்தின் ஆங்கில உறவினர், ஆனால் அதிகம் தேய்ந்துவிட்டது. ‘பிரேக் தி ஐஸ்’ எந்த அவையிலும் பொருந்தும். மாற்று வேண்டுமென்றால் ‘புட் எவ்ரிஒன் அட் ஈஸ்’ எனலாம். ‘கெட் தி பால் ரோலிங்’ என்பதை இதற்கு மாற்றாக நம் மாணவர்கள் அடிக்கடி எழுதுகிறார்கள். அது வேலையைத் தொடங்குவதைக் குறிக்கிறதே தவிர, கூச்சத்தைப் போக்குவதை அன்று.

பயிற்சி வகுப்புகளில் ‘ஐஸ் பிரேக்கர்’ என்று ஒரு விளையாட்டு வைக்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன பெயர் போடுவது?

நிகழ்ச்சி நிரலில் ‘அறிமுக விளையாட்டு’ என்று போடுங்கள். எல்லோரும் ஏற்கெனவே அறிமுகமானவர்கள் என்றால் ‘கலகலப்பு நேரம்’ என்று போடலாம். பயிற்சியாளர்களே நிறைந்த அறையில் ‘ஐஸ் பிரேக்கர்’ என்றே சொல்லிவிடுவதில் எனக்கு மறுப்பில்லை. அங்கே அது தொழிற்சொல், எல்லோருக்கும் தெரியும். ‘பனி உடைப்பான்’ என்று ஓர் அழைப்பிதழில் பார்த்தேன். வந்தவர்களில் பாதிப்பேர் அதைக் கப்பல் என்று நினைத்திருப்பார்கள், மீதிப்பேர் குளிர்பானக் கடைக் கருவி என்று.